வாடகைக்கு இருந்தவங்க வெளிக்கிட்டுப் போன பிறகு கரண்ட், தண்ணி பில்லை அட்வான்ஸ்ல கழிச்சு ஸ்டேட்மென்ட் எழுதுறது எப்படி: திருகோணமலை வீட்டுக்காரருக்கு முழு வழிகாட்டி

அம்மாட பேர்ல பாலையூத்துல ஒரு வீடு இருக்கு, வாடகைக்கு குடுக்கிறம், ஆக்கள் வந்து போற நேரம் கணக்கு பார்க்கிறது நான்தான். முதல் குடும்பம் வெளிக்கிட்டு போகக்குள்ள நான் எழுதிக் குடுத்த கணக்குல பெரிய பிழை ஒண்டு இருந்திச்சு. அவங்ககிட்ட கட்டாத கரண்ட் பில் மூண்டு கிடந்துது, நான் மூண்டு பில்லுலயும் அடியில இருந்த மொத்தத்தை எடுத்து கூட்டிட்டன். அந்த வீட்டு அண்ணன் ஸ்கூல் ஒண்டுல படிப்பிக்கிறவர், பேப்பரை ரெண்டு தரம் பார்த்திட்டு "தங்கச்சி, இதுல முதல் மாசத்து காசு மூண்டு தரம் வந்திருக்கு" எண்டு அமைதியா சொன்னார். பார்த்தா உண்மைதான். அவர் பார்க்காம விட்டிருந்தா அவங்கட காசு பத்தாயிரத்துக்கு மேல எங்கட கையில நிண்டிருக்கும். அதுக்குப் பிறகுதான் இந்த கணக்கை எப்படி சரியா செய்யுறது எண்டு ஒழுங்கா இருந்து பழகினன், அதை இங்க முழுசா எழுதுறன்.

கணக்குக்கு எங்கட வீட்டுல அதுக்குப் பிறகு இருந்து போன ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொண்டு போவம். வாடகை மாசம் 25,000 ரூபா, அட்வான்ஸ் மூண்டு மாசம், அதாவது 75,000. குடும்பம் திறப்பை குடுத்தது செப்டம்பர் 18. இதுல வர்ற தொகைகளை விளங்குறதுக்காக கொஞ்சம் ரவுண்டாக்கி எடுத்திருக்கன், கரண்ட் விலை 2022 ஆகஸ்ட்டுக்கு பிறகு எத்தனையோ தரம் மாறிட்டு, 2025ல மட்டும் ஜனவரியில குறைஞ்சு ஜூன்ல திரும்ப கூடினது, அதால யூனிட் விலையை யாரும் எழுதினதைப் பார்த்து போடாம உங்கட கையில இருக்கிற பில்லுல உள்ளதைத்தான் எடுக்கணும்.

முதல் வேலை: திறப்பு கைமாறுற நாள் மீட்டர்

இந்த முழுக் கணக்குக்கும் அத்திவாரம் ஒரேயொரு விசயம்தான், திறப்பு குடுக்கிற அண்டைக்கு மீட்டர்ல நிண்ட நம்பர். அது இல்லாட்டி மிச்சம் எல்லாம் ஊகம். மீட்டர் வாசிக்கிறவர் மாசத்துல ஒருக்காத்தான் வருவார், ஆக்கள் போறது மாச நடுவுல, அதால கடைசி பில்லுல எப்பவும் ரெண்டு ஆக்கள்ட பாவனை கலந்திருக்கும், பிரிக்கிறதுக்கு அந்த நம்பர் வேணும்.

நாங்க செய்யுறது இப்படி. வீட்டைப் பார்த்து முடிஞ்சு, சாமானெல்லாம் லொறியில ஏத்தின பிறகு, நானும் அவங்கள்ல ஒராளும் மீட்டர் பெட்டிக்கு முன்னால போய் நிண்டு ஃபோன்ல படம் எடுப்பம். நம்பர் மட்டும் தெரியுற மாதிரி கிட்டத்துல ஒண்டு, மீட்டர்ட சீரியல் நம்பரும் சேர்ந்து தெரியுற மாதிரி கொஞ்சம் தள்ளி இன்னொண்டு. சீரியல் நம்பர் ஏன் எண்டா, மேல் வீடு கீழ் வீடு எண்டு ரெண்டு மீட்டர் பக்கத்துல பக்கத்துல இருக்கிற இடத்துல எது யாருடையது எண்டு பிறகு சண்டை வரும். அந்தப் படத்தை அங்கயே நிண்டு அவங்கட வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுவன், நேரம் திகதி எல்லாம் தானா பதிஞ்சு நிக்கும், அவங்களும் "ஓம் சரி" எண்டு ஒரு பதில் போட்டா போதும். அதோட ஒரு கொப்பியில ரெண்டு நம்பரையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து.

வாசிக்கக்குள்ள கவனிக்க வேண்டியது. சில பழைய கரண்ட் மீட்டர்ல கடைசி இலக்கம் சிவப்புல இருக்கும், அது பத்துல ஒரு பங்கு, யூனிட்டுல சேராது. அதையும் சேர்த்து எழுதினா 8498 எண்ட இடத்துல 84983 எண்டு வந்து நிக்கும், பில்லுல இருக்கிற நம்பரோட ஒத்துப் பார்த்தா உடனே தெரிஞ்சிடும். தண்ணி மீட்டர்லயும் கறுப்பு இலக்கம்தான் யூனிட், ஒரு யூனிட் எண்டா ஆயிரம் லீட்டர், சிவப்புல ஓடுறது லீட்டர்க் கணக்கு. கறுப்பை மட்டும் எழுதுங்க.

தண்ணி மீட்டருக்கு முன்னால நிக்கிற நேரமே இன்னொரு சின்ன வேலையும் இருக்கு. வீட்டுல எல்லா பைப்பையும் பூட்டிட்டு மீட்டர்ட நடுவுல இருக்கிற குட்டிச் சக்கரத்தைப் பாருங்க, ரெண்டு மூண்டு நிமிசம். டேங்க் நிரம்பி முடிஞ்ச பிறகும் அது சுத்துதெண்டா எங்கயோ ஒழுகுது. நான் இந்த தரம் இதைச் செய்யாம விட்டதால என்ன நடந்தது எண்டு தண்ணிக் கணக்குல சொல்லுறன்.

சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க எண்டா, நீங்க கதவைத் திறந்த நாளே படம் எடுங்க, பக்கத்து வீட்டு ஆக்கள் ஒராளை கூட வச்சுக்கொண்டு எடுத்தா இன்னும் நல்லம். அவங்க போன நாளுக்கும் நீங்க திறந்த நாளுக்கும் இடையில வீடு பூட்டிக் கிடந்தா நம்பர் பெருசா ஏறியிருக்காது. இடையில யாரும் பாவிச்சிருந்தா மட்டும், போன மூண்டு மாசத்து பில்லை எடுத்து ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் எண்டு சராசரி பார்த்து, அவங்க இருந்த நாளால பெருக்கிறதைத் தவிர வேற வழியில்ல. அப்படி செஞ்சா ஸ்டேட்மென்ட்ல "சராசரி" எண்டு வெளிப்படையா எழுதணும்.

ரெண்டாவது: பில்லுல எந்த வரியை எடுக்கிறது

நான் முதல்ல விட்ட பிழை இங்கதான். கரண்ட் பில்லை எடுத்து மேசையில வச்சு மேலயிருந்து கீழ வாசிங்க. முந்தின வாசிப்பு, இப்ப வாசிப்பு, யூனிட், அந்த மாசத்து பாவனைக்கு காசு, நிலையான கட்டணம், வரி, பிறகு முந்தி கட்டாம விட்ட நிலுவை, கட்டின காசு, கடைசியில மொத்தம். அடியில இருக்கிற மொத்தத்துல பழைய நிலுவை ஏற்கனவே ஏறி உக்காந்திருக்கு. அதால ஒவ்வொரு பில்லுலயும் அந்த மாசத்து கட்டணத்தை மட்டும் எடுக்கணும், இல்லாட்டி கடைசி பில்லுட மொத்தத்தை மட்டும் எடுக்கணும், ரெண்டையும் கலக்கக் கூடாது.

எங்கட கணக்குல இது எப்படி நிண்டதெண்டு பாருங்க.

ஆகஸ்ட் 3 வாசிச்ச பில்: அந்த மாசத்துக்கு 4,120. கட்டேல்ல.
செப்டம்பர் 3 வாசிச்ச பில்: அந்த மாசத்துக்கு 3,980, பழைய நிலுவை 4,120, மொத்தம் 8,100.
செப்டம்பர் 12 அவங்க 2,000 கட்டியிருக்காங்க.
ஒக்டோபர் 4 வாசிச்ச பில்: அந்த மாசத்துக்கு 3,641, பழைய நிலுவை 6,100, மொத்தம் 9,741.

மூண்டு பில்லுட அடி மொத்தத்தையும் கூட்டினா 4,120, 8,100, 9,741, சேர்த்து 21,961 வரும். உண்மையில அந்த எக்கவுண்ட்ல கட்ட வேண்டியது 9,741 மட்டும்தான். பன்னிரண்டாயிரத்துக்கு மேல வித்தியாசம், அதுவும் வேணுமெண்டே ஏமாத்தாத ஒருத்தர் எழுதின கணக்குல. வாடகைக்கு இருக்கிற ஆக்கள் ஸ்டேட்மென்ட் கையில கிடைச்சா முதல் பார்க்க வேண்டியது இதைத்தான்: எழுதியிருக்கிற மொத்தம் கடைசி பில்லுட அடி மொத்தத்தை விட கூடவா நிக்குதெண்டா எங்கயோ ரெண்டு தரம் ஏறியிருக்கு.

அந்த 2,000 ரூபா எனக்கு முதல்ல தெரியாது. பேங்க் ஆப்ல கட்டியிருக்காங்க, பில் பேப்பர்ல அது ஒக்டோபர்லதான் தெரிஞ்சது. அதால எழுதத் துவங்க முதல் எக்கவுண்ட் நம்பரை சொல்லி நிலுவை கேட்டுக்கொள்ளுங்க, மின்சார சபைக்கு 1987, தண்ணிக்கு நீர் வழங்கல் சபை 1939. கேட்ட திகதியையும் அண்டைக்கு சொன்ன தொகையையும் கொப்பியில எழுதி வைங்க. போன ஆக்கள்கிட்டயும் "ரிசீட் எதும் இருந்தா அனுப்புங்க" எண்டு ஒரு மெசேஜ் போடுங்க.

இன்னொரு இடத்துலயும் பிழை நுழையும். கேட் பூட்டிக் கிடந்து மீட்டர் வாசிக்க ஏலாம போனா அந்த மாசம் சராசரியில பில் வரும். கண்டுபிடிக்கிறது லேசு: திறப்பு குடுத்த நாள் படத்துல நிக்கிற நம்பரை விட அதுக்கு முதல் வந்த பில்லுல "இப்ப வாசிப்பு" பெருசா இருந்தா அது மீட்டர்ல இருந்து வந்த நம்பர் இல்ல, மீட்டர் பின்னால ஓடாது. அப்படி இருந்தா அந்தப் படத்தோட ஒஃபிஸுக்கு போய் திருத்திக்கொண்டு வந்த பிறகுதான் கணக்கு எழுதணும்.

மூண்டாவது: கலந்து வந்த கரண்ட் பில்லைப் பிரிக்கிறது

ஒக்டோபர் 4 பில்தான் கலப்பு பில். செப்டம்பர் 3ல மீட்டர் 8412, திறப்பு குடுத்த 18ல 8498, ஒக்டோபர் 4ல 8543. முதல் 15 நாள்ல குடும்பம் பாவிச்சது 86 யூனிட், பிறகு 16 நாள்ல எங்கட பேய்ன்ட் வேலை, டைல்ஸ் வெட்டினது, கிணத்து மோட்டர் எல்லாம் சேர்த்து 45. மொத்தம் 131.

கனபேர் செய்யுறது நாளால பிரிக்கிறது, "பாதி மாசம் இருந்தாங்க, பாதி பில்லை போடுவம்" எண்டு. குடும்பமா பொம்பிளை பிள்ளையளோட இருந்து ஃப்ரிட்ஜ், ரைஸ் குக்கர், அயர்ன் எல்லாம் ஓடின 15 நாளும், பகல்ல ரெண்டு மேசன்மார் வந்து போன 16 நாளும் ஒண்டில்ல. சில வீட்டுல இது மறுபக்கமா நடக்கும், போனவங்க கடைசி வாரம் சாமானைக் கட்டிக்கொண்டு ஒண்டும் பாவிக்கல, பிறகு வந்தவங்க ஏசி போட்டாங்க, நாளால பிரிச்சா போனவங்க தலையில விழும். அதால பாவனைக் காசை யூனிட்டால பிரிங்க, நிலையான கட்டணத்தை நாளால பிரிங்க, ஏனெண்டா அது பாவிச்சாலும் பாவிக்காட்டியும் வர்றது.

பில்லுல பாவனைக்கு 2,620, நிலையான கட்டணம் 930, வரி 91.

பாவனை: 2,620ஐ 131ஆல பிரிச்சா யூனிட்டுக்கு 20 ரூபா. குடும்பத்துக்கு 86 யூனிட், 1,720.
நிலையானது: 930ஐ 31 நாளால பிரிச்சா நாளைக்கு 30. அவங்கட 15 நாளுக்கு 450.
ரெண்டும் 2,170. வரியில அவங்கட பங்கு அதே விகிதத்துல 56.
மொத்தம் 2,226. எங்கட பங்கு 1,415. ரெண்டையும் கூட்டினா 3,641, பில்லோட பொருந்துது.

கடைசியில ரெண்டு பங்கையும் கூட்டி பில்லோட பொருத்திப் பார்க்கிறதை மட்டும் விட வேண்டாம், பிரிச்சதுல பிழை இருந்தா அங்க மாட்டும். நாளால பிரிச்சிருந்தா குடும்பத்துக்கு 1,762 தான் வந்திருக்கும், 464 ரூபாவை நாங்க தாங்கியிருப்பம்.

கரண்ட் விலை பிளாக் பிளாக்கா ஏறுறதால, அதாவது முதல் யூனிட்டுகள் விலை குறைவு, கூட பாவிக்க பாவிக்க விலை ஏறும், யூனிட்டால பிரிக்கிறது ரெண்டு பக்கமும் சாதாரணமா பாவிச்ச மாசத்துக்குத்தான் நியாயம். ஒரு பக்கம் அளவுக்கு மிஞ்சி பாவிச்சா சராசரி விலையே மேல போய் மற்றவருக்கும் அடி விழும். அதுதான் எங்கட தண்ணி பில்லுல நடந்தது.

கரண்ட் கணக்கு முடிவு: 4,120, 3,980, 2,226 சேர்த்து 10,326. கட்டின 2,000 கழிச்சா 8,326. எங்கட 1,415ஐயும் சேர்த்தா 9,741, கடைசி பில்லுட மொத்தம். சரி.

நாலாவது: தண்ணி, நான் கிட்டத்தட்ட அநியாயம் செஞ்ச இடம்

திருகோணமலை டவுனுக்கு வர்ற குழாய்த் தண்ணி கந்தளாய்க் குளத்துப் பக்கமிருந்து சுத்திகரிச்சு வர்றது, கடற்கரைப் பக்கம் கனக்க வீட்டுல கிணத்துத் தண்ணி உப்பு, அதால குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் இந்த லைன்தான். எங்கட வீட்டுல கிணறு தோட்டத்துக்கும் உடுப்புத் தோய்க்கவும், குழாய் குசினிக்கும் பாத்ரூமுக்கும்.

செப்டம்பர் 9ல தண்ணி மீட்டர் 612, 18ல 617, ஒக்டோபர் 10ல 637. பில் 25 யூனிட்டுக்கு, வரியெல்லாம் சேர்த்து 3,198 ரூபா. அந்தக் குடும்பத்துக்கு வழமையா மாசம் 14 யூனிட்தான் வரும். நான் பில்லைப் பார்த்தவுடன, போற நேரம் வீட்டைக் கழுவியிருப்பாங்க, டேங்க் பைப்பைத் திறந்து விட்டிருப்பாங்க எண்டு மனசுல ஒரு கதையை கட்டிக்கொண்டு அவங்கட தம்பிக்கு கோல் எடுத்திட்டன். அவன் பொறுமையா கேட்டிட்டு, "அக்கா, நாங்க போகக்குள்ள எடுத்த படத்தைப் பாருங்க, அதுக்குப் பிறகு எவ்வளவு ஓடியிருக்கு?" எண்டு கேட்டான். பார்த்தா அவங்க இருந்த 9 நாளுக்கு 5 யூனிட், போன பிறகு 22 நாளுக்கு 20 யூனிட். ஆளில்லாத வீட்டுல இருபதாயிரம் லீட்டர்.

அண்டைக்கே போய் எல்லா பைப்பையும் பூட்டிட்டு மீட்டரைப் பார்த்தன், சக்கரம் மெதுவா சுத்திக்கொண்டு நிக்குது. பாத்ரூம் கொமட் தொட்டிக்குள்ள மிதவை வால்வ் பூட்டாம, மேலால வழியுற தண்ணி சத்தமே இல்லாம உள்குழாயால கொமட்டுக்குள்ள போய்க்கொண்டிருந்திச்சு. பேய்ன்ட் அடிச்ச பெடியள் பாத்ரூமைப் பாவிச்சிருக்காங்க, யாரும் கவனிக்கல. தொட்டித் தண்ணிக்குள்ள கொஞ்சம் நீலம் கரைச்சு விட்டு, ஃப்ளஷ் பண்ணாமலே கீழ நிறம் வருதா எண்டு பார்த்தா இந்த ஒழுக்கு உடனே பிடிபடும்.

தண்ணி விலையும் பிளாக்கா ஏறுறதால, 25 யூனிட் ஓடின மாசத்து சராசரியை அவங்கட 5 யூனிட்டுக்குப் போட்டா எங்கட ஒழுக்கோட விலையை அவங்களும் கட்டுற மாதிரி ஆகும். அதால முந்தின சாதாரண மாசத்து விலையை எடுத்தன். செப்டம்பர் 9 பில்லுல 14 யூனிட்டுக்கு பாவனைக் காசு 1,120, யூனிட்டுக்கு 80. 5 யூனிட்டுக்கு 400. மாத சேவைக் கட்டணம் ஒக்டோபர் பில்லுல 310, நாளைக்கு 10, 9 நாளுக்கு 90. 490க்கு பில்லுல போட்ட அதே நூற்றுக்கு 18 வரி, சேர்த்து 578. மிச்சம் 2,620 எங்கட கைக்காசு.

செப்டம்பர் 9 பில் 1,676 அவங்க கட்டாதது, அது முழுக்க அவங்கடதான். தண்ணி முடிவு: 1,676உம் 578உம், 2,254.

அட்வான்ஸை எவ்வளவு காலம் பிடிச்சு வைக்கிறது

கடைசி தண்ணி பில் வர ஒக்டோபர் 10 ஆகிட்டு, திறப்பு குடுத்து 22 நாள். அவ்வளவு நாளும் 75,000ஐயும் பூட்டி வைக்கிறது சரியில்ல எண்டுதான் நான் நினைக்கிறன், அவங்களும் புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பாங்க, அந்தக் காசை நம்பித்தான் கடன் வாங்கியிருப்பாங்க. அதால திறப்பு வாங்குற நாளே, கையில இருக்கிற நிலுவையோட வர இருக்கிற ஒரு மாசத்து பில்லையும் ஊகிச்சு, கொஞ்சம் கூட்டி வச்சு மிச்சத்தைக் குடுத்திடலாம். நாங்க 15,000 பிடிச்சு 60,000 அண்டைக்கே பேங்க்ல போட்டம். பிடிச்சது எதுக்கு, கடைசி பில் வந்து எத்தனை நாளுக்குள்ள கணக்கு முடிப்பம் எண்டு கொப்பியில ஒரு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. எக்ரிமென்ட்ல இதுக்கு வேற மாதிரி நாள் எழுதியிருந்தா அதுதான் செல்லும், முதல்ல அதை எடுத்து வாசிங்க.

ஸ்டேட்மென்ட் எழுதுறது

ஒரு பக்கத்துக்குள்ள இருக்கணும். உடைஞ்ச கண்ணாடி, சுவர்ல ஆணி, பேய்ன்ட் எல்லாம் இந்தப் பேப்பருக்குள்ள வரக் கூடாது, அதுகளுக்கு வேற பேப்பர். ஏனெண்டா பில் கணக்குல சண்டை பிடிக்க ஒண்டுமில்ல, நம்பர் நம்பரா நிக்கும், சுவர்க் கறை அப்படியில்ல. ரெண்டையும் கலந்தா ஒண்டுல வர்ற சண்டையில மற்றதும் நிண்டுபோகும்.

எங்கட பேப்பர் இப்படித்தான் இருந்தது:

பாலையூற்று வீடு, கரண்ட் தண்ணி நிலுவைக் கணக்கு
திறப்பு ஒப்படைச்ச திகதி: செப்டம்பர் 18
அண்டைய வாசிப்பு: கரண்ட் 8498, தண்ணி 617 (படம் ரெண்டு பேர்ட்டயும் உண்டு)

கரண்ட்
ஆகஸ்ட் 3 பில், அந்த மாசத்துக்கு மட்டும்: 4,120
செப்டம்பர் 3 பில், அந்த மாசத்துக்கு மட்டும்: 3,980
ஒக்டோபர் 4 பில்லுல செப். 3 முதல் 18 வரை, 86 யூனிட்: 2,226
கழிவு, செப். 12 நீங்க கட்டினது: 2,000
கரண்ட் மொத்தம்: 8,326

தண்ணி
செப்டம்பர் 9 பில்: 1,676
ஒக்டோபர் 10 பில்லுல செப். 9 முதல் 18 வரை, 5 யூனிட், செப்டம்பர் விலையில: 578
தண்ணி மொத்தம்: 2,254

ரெண்டும் சேர்த்து: 10,580
அட்வான்ஸ்: 75,000
செப். 18 திருப்பிக் குடுத்தது: 60,000
பிடிச்சு வச்சது: 15,000
பில்லுக்குக் கழிச்சது: 10,580
இப்ப திருப்பிக் குடுக்கிறது: 4,420

இதோட குடுக்க வேண்டியது: பில்லுகள்ட கொப்பி, மீட்டர் படம், அதோட நான் எக்கவுண்டுக்கு காசு கட்டின ரிசீட். கடைசியா சொன்னதை கனபேர் குடுக்கிறதில்ல. அட்வான்ஸ்ல இருந்து கழிச்ச காசு உண்மையா அந்த பில்லுக்குத்தான் போனதெண்டு காட்டுறது அந்த ரிசீட் மட்டும்தான். வாடகைக்கு இருந்த ஆக்கள் இதைக் கேட்கிறதுக்கு கூச்சப்பட வேண்டாம், கேட்டா குடுக்கத்தான் வேணும். பிரிச்ச கணக்கை, அதாவது 131ல 86 எண்டு போட்ட வரிகளை, பேப்பருக்குப் பின்பக்கம் எழுதி விடுங்க, அவங்க வீட்டுல இருந்து ஃபோன்ல கூட்டிப் பார்ப்பாங்க.

மேல் வீடும் கீழ் வீடும் ஒரே மீட்டர், நடுவுல சப் மீட்டர் எண்டா, சப் மீட்டர் யூனிட்டை மெயின் பில்லுட சராசரி யூனிட் விலையால பெருக்குங்க, நிலையான கட்டணத்தை எப்படி பிரிக்கிறதெண்டு குடிவரக்குள்ளயே பேசி எழுதியிருக்கணும், போகக்குள்ள பேசினா முடியாது.

ஒத்துக்கொள்ளாட்டி, இல்லாட்டி அட்வான்ஸ் காணாட்டி

எக்கவுண்ட் வீட்டுக்காரர் பேர்ல இருந்தா ஒஃபிஸ் நிலுவையை வீட்டுக்காரர்கிட்டத்தான் கேட்கும், போன ஆளைத் தேடாது. சிவப்பு நோட்டிஸ் வந்திட்டா சண்டை முடியுற வரைக்கும் காத்திருக்காம முதல்ல நீங்க கட்டிடுங்க, லைன் வெட்டினா திரும்பக் குடுக்கிறதுக்கு வேற காசு, அந்தக் காசை போன ஆக்கள் தலையில போடுறது சரியா எண்டு இன்னொரு சண்டை. நோட்டிஸ் வந்த அண்டைக்கே அதை அவங்களுக்கு படம் எடுத்து அனுப்பி, அவங்க கட்டாததாலதான் வெட்டினது எண்டா மட்டும் அதைச் சேர்க்கலாம்.

அட்வான்ஸை விட நிலுவை கூட எண்டா ஸ்டேட்மென்ட் அதே மாதிரித்தான், கடைசி வரி மட்டும் "நீங்க தர வேண்டியது" எண்டு மாறும், அதை பதிவுத் தபால்ல அனுப்புங்க. பேசித் தீராட்டி மத்தியஸ்த சபைக்கு போகலாம், 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, லோயர் பிடிக்காம ரெண்டு பக்கமும் நேரா இருந்து கதைக்கிற இடம். அங்க கொண்டு போக வேண்டியது இந்த ஒரு பக்கமும் படமும் பில்லும் ரிசீட்டும்தான். ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டா இணக்கம் எழுதி கையெழுத்து வாங்குவாங்க, ஒத்துக்கொள்ளாட்டி இணக்கம் வரல எண்டு சேர்ட்டிஃபிகேட் தருவாங்க, அதை வச்சுத்தான் கோர்ட் பக்கம் போறது.

எங்கட கணக்கு அவ்வளவு தூரம் போகல. ஒக்டோபர் 12 பின்னேரம் அந்தத் தம்பி வந்து, பேப்பரைப் பின்பக்கம் திருப்பி ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் பார்த்து, தண்ணி வரியில கொஞ்ச நேரம் நிண்டிட்டு, கையெழுத்துப் போட்டு 4,420ஐ எண்ணி வாங்கிக்கொண்டு போனான். நவம்பர் பில் ரெண்டும் வந்த பிறகு அதுல "நிலுவை" வரி சுழியமா நிக்குதா எண்டு பார்த்தன், நிண்டுது. அதையும் படமெடுத்து அவனுக்கு அனுப்பிட்டு, புதுசா வாற ஆக்களுக்கு கொப்பியில அடுத்த பக்கத்தைத் திறந்தன்.